வலது காலில் தொடங்கும் அடி

ஆரோக்கியமேரியின் வீட்டுப் பிசியோதெரபி அறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. குணமாகிப் போனவர்களின் அட்டைகளை வருடக் கடைசியில் கிழித்துப் போட்டுவிடுவாள். குணமாகாதவர்களின் அட்டைகள் மட்டும் அந்த அலமாரியில் இருக்கும். இருபத்துமூன்று வருடத் தொழிலில் அப்படி நாற்பத்தொரு அட்டைகள். பெரும்பாலும் பக்கவாதக்காரர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள். அவர்களைப் பற்றி அவளுக்கு வருத்தம் உண்டு, உறுத்தல் கிடையாது. ஓர் அட்டை மட்டும் வேறு மாதிரி. அது சுனிலுடையது. அவனுக்கு வலது தோள். ஏன் குணமாகவில்லை என்று பதினொரு வருடமாகியும் அவளுக்குத் தெரியாது.

சுனில் ரயில்வேக் குடும்பத்துப் பையன். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து தக்காணத்து இந்த ஊருக்கு வந்தவர்கள்; அவன் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும். பேட்மிண்டனில் ஜில்லா சாம்பியன். தொண்ணூற்றாறில் மேரியிடம் எட்டு மாதம் வந்தான். அல்ட்ராசவுண்டு வைத்தாள், மெழுகு ஒத்தடம் கொடுத்தாள், ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னாள். வலி போகும். விளையாடப் போவான். மூன்றாவது வாரம் திரும்பி வருவான். நான்காவது முறை திரும்பி வந்தபோது தசைநார் கிழிந்திருந்தது. அறுவை நடந்தது, தோள் இறுகிப்போனது. அதற்குப் பிறகு அவன் கை காதுக்கு மேல் போகவில்லை. இப்போது தான் விளையாடிய கிளப்பின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து மட்டைகளுக்கு நரம்பு கட்டிக்கொடுக்கிறான். அந்த வேலைக்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம், ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேதாசலம் தன் மகளை அழைத்துக்கொண்டு மெட்டுகுடாவில் இருக்கும் மேரி வீட்டுக்கு வந்தார். அவர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சுமலதாவுக்கு இருபத்தாறு வயது. ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை.

"மேரி, இவளுக்கு வலது தோளு. டாக்டர் ஸ்கேன் எடுத்தாச்சு. கிழியல, வீங்கியிருக்குன்னாரு. ஊசி போடலாம், இல்லாட்டி விளையாட்ட விடுன்னுட்டாரு."

"விடுறியா?" என்று மேரி அவளிடமே கேட்டாள்.

"செப்டம்பர்ல ஸ்டேட் டீம் ட்ரயல்ஸ் ஆன்ட்டி. நாலு பேரை எடுப்பாங்க. ஸ்டேட்டுக்கு ஆடின சர்ட்டிஃபிகேட் இருந்தாதான் பேங்க் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால அப்ளை பண்ணலாம். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்."

"இன்னும் எத்தனை வாரம் இருக்கு?"

"பதிமூணு."

மேரி கையைத் தூக்கச் சொன்னாள். பக்கவாட்டில் தூக்கும்போது தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வலி ஆரம்பித்தது. தலைக்கு நேராகக் கை போனதும் வலி விட்டது. அவள் நூறு முறை பார்த்த தோள்தான் இது. புது அட்டையை எடுத்துப் பெயர் எழுதினாள், வயது எழுதினாள். ரப்பர் பட்டை, பத்து தடவை, மூன்று வேளை என்று எழுதப் போனவள், "எங்க விளையாடுற?" என்று சும்மாதான் கேட்டாள்.

"அருணோதயா கிளப்லதான். சின்ன வயசிலேர்ந்து."

பேனா நின்றது. சுனிலும் அதே கிளப். அவனுக்கும் இதே தோள், இதே இடத்தில் வலி. அவனுடைய அட்டையிலும் இதே ரப்பர் பட்டை, பத்து தடவை, மூன்று வேளை.

மேரி எழுந்து ஒரு துவாலையை முறுக்கி அவள் கையில் கொடுத்தாள். "இத மட்டையா நெனச்சுக்கோ. ஸ்மாஷ் அடிக்கிற மாதிரி மெதுவா காட்டு. வலிச்சா நிறுத்திடு."

சுமலதா காட்டினாள். மேரியின் கண் பழக்கப்படி முதலில் தோளுக்குத்தான் போனது. வலுக்கட்டாயமாக அதைக் கீழே இறக்கினாள். பனியனின் பக்கத் தையல் எங்கே போகிறது என்று பார்த்தாள். அது எங்கேயும் போகவில்லை. அடிக்கும் முன்பு சுவரைப் பார்த்திருந்த தையல் அடித்த பிறகும் அதே சுவரைப் பார்த்தது. வலது குதிகால் தரையை விட்டு எழவே இல்லை.

"உன் காலுல வலு இல்லயா?"

"ஐயோ, தினம் அஞ்சு கிலோமீட்டர் ஓடறேன் ஆன்ட்டி."

ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழச் சொன்னாள். இரண்டு காலும் இரும்பு. இடுப்பும் நன்றாகத் திரும்பியது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. இருக்கிற வலுவைக் கேட்டு வாங்க ஆளில்லை, அவ்வளவுதான்.

"நாளைக்குச் சாயங்காலம் கிளப்புக்கு வரேன்" என்றாள்.

வேதாசலத்துக்கு ஆச்சரியம். "தோளப் பாக்க கிளப்புக்கு எதுக்கு மேரி?"

"சுனில் தோளை இந்த மேசை மேலயே எட்டு மாசம் பாத்தேன் அண்ணே. பாத்தது போதும்."

அருணோதயா கிளப் பழைய கட்டடம். தகரக் கூரை, மரத்தரை, ஒரே ஒரு ஆட்டக்களம். வாசலில் மேசைக்குப் பின்னால் சுனில் உட்கார்ந்து ஒரு மட்டையின் நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"அரே மேரிக்கா! இங்க கைக்கு, எதுக்கு வந்தீங்க? ஆடப் போறீங்களா?"

"ஆமா. எனக்கும் சேத்து நரம்பு கட்டி வை" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

பயிற்சியாளர் இராமச்சந்திரன் வாசல் பக்கத்து முனையில், ஷட்டில் கூடைக்குப் பக்கத்தில் நின்றார். அவர் உயரமாகப் போட்டுக்கொடுக்க, ஆடுபவர்கள் எதிர் முனையிலிருந்து அடிப்பார்கள். கூடையும் ட்யூப் லைட்டும் வாசல் பக்கம் இருந்ததால் முப்பது வருடமாக அப்படித்தான். மேரி சுவர் ஓரமாக நின்று சுமலதாவின் கால்களை மட்டும் பார்த்தாள். வலது பின் மூலைக்கு ஷட்டில் போகும்போதெல்லாம் அந்தப் பெண் ஒரு வினோதம் செய்தாள். வலது காலை ஊன்ற வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுகொண்டாள். வலது கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருக்க, உடம்பின் கனம் இடது காலில் கிடக்க, தலைக்குப் பின்னால் போய்விட்ட ஷட்டிலைக் கையால் மட்டும் இழுத்து அடித்தாள். அடுத்து ஆடிய பையனும் அப்படியே. அதற்கு அடுத்தவரும் அப்படியே. தரை பெருக்க வந்த அம்மாள் கூடத் தூங்குகிற ஆளைத் தாண்டுவது போல அந்த இடத்தைத் தாண்டிப் போனாள்.

"அங்க என்ன இருக்கு?"

"பலகை" என்றார் இராமச்சந்திரன். "எண்பத்தெட்டு மழையில கூரை ஒழுகி அந்தப் பலகை தொளதொளன்னு ஆயிடுச்சும்மா. மிதிச்சா அமுங்கும். புதுசா யாரு வந்தாலும் மொத நாளே சொல்லிடுவோம், மூலைப் பலகைய மிதிக்காதேன்னு. பத்தொம்பது வருஷத்துல ஒருத்தருக்குக் கூட கணுக்கால் மடங்கல!"

அதில் அவருக்குப் பெருமை. மேரி வேறொன்றைக் கேட்டாள். "தோளு எத்தன பேருக்குப் போச்சு?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். பதில் பின்னால் பெஞ்சிலிருந்து வந்தது. "எனக்குப் போகல!" என்றாள் பட்டு. தார்நாகா ஆய்வகம் ஒன்றில் கணக்கு அதிகாரி, நாற்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு. "இருபது வருஷமா அடிக்கிறேன். இந்த சின்னப் பொண்ணுங்க எல்லாம் தோள் தோள்னு அழறாங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல நெய் சாப்பிடணும் மேரி, நெய்!"

"நீ எந்தக் கை பட்டு?"

"இடது."

மேரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இடது கைக்காரி ஸ்மாஷ் அடிக்கும்போது ஊன்றுவது இடது கால், இடது மூலையில். அந்த மூலைப் பலகை கெட்டி.

ஒன்றைச் சரிபார்க்காமல் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கினாள். சுமலதாவை அதில் உட்கார வைத்து, இராமச்சந்திரனைப் பக்கத்தில் நின்று கையால் ஷட்டிலைத் தூக்கிப் போடச் சொன்னாள். "வேகம் வேணாம். தலைக்கு மேல அடி, தூரமாப் போகட்டும். மூணே மூணு." மூன்று ஷட்டில்கள் வலையைத் தாண்டி விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். பிறகு அதே இடத்தில் நிற்க வைத்து மூன்று. புதுக் கோடு பழைய கோட்டுக்கு ஒரு முழம்தான் அப்பால் இருந்தது.

பட்டுவையும் அவளுடைய மூலையில் உட்கார வைத்தாள். பட்டு உட்கார்ந்து அடித்தது வலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே விழுந்தது. எழுந்து நின்று, இடது காலால் தரையை உதைத்து, இடுப்பைச் சுழற்றி அடித்தாள். ஷட்டில் எதிர் முனைக் கோட்டில் போய் விழுந்தது. இரண்டுக்கும் நடுவே நான்கு எட்டு வைக்கிற தூரம்.

"பாத்தீங்களா சார்" என்றாள் மேரி. "பட்டுவுக்கு மிச்ச நாலு எட்டையும் கால் கொடுக்குது. சுமலதா நின்னாலும் ஒண்ணுதான், உக்காந்தாலும் ஒண்ணுதான். இவ நின்னுக்கிட்டே நாற்காலியில உக்காந்திருக்கா."

இராமச்சந்திரன் கோடுகளையே பார்த்தார். "ஆனா இவ ஸ்மாஷ் வேகமாத்தானேம்மா போகுது?"

"போகுது. அந்த வேகத்துக்குக் கால் கொடுக்க வேண்டியத, முதுகு கொடுக்க வேண்டியத, எல்லாத்தையும் தோளே கொடுக்குது. ஒரு நாளைக்கு இருநூறு தடவ. எத்தன வருஷம் கொடுக்கும்?"

வாசல் மேசையில் முறுக்கும் சத்தம் நின்றிருந்தது. சுனில் எழுந்து கதவருகே வந்து நின்றான். இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை வேதாசலம் கடப்பாரையும் உளியும் கொண்டுவந்து பலகையைப் பெயர்த்தார். அடியில் இருந்த குறுக்குச் சட்டம் கையால் பிய்க்கும் அளவுக்கு உளுத்திருந்தது. அவர் முட்டி போட்டபடியே வெகுநேரம் அந்தக் குழியைப் பார்த்தார்.

"எட்டு வயசுல இவளக் கூட்டிட்டு வந்தப்ப நான்தான் சொன்னேன் மேரி. கையப் பிடிச்சுக் காட்டி, இதை மிதிக்காதம்மான்னு. நான் தச்சன். அரை நாள் வேல இது."

"இப்ப செய்யுங்க அண்ணே" என்றாள். அவர் புதுச் சட்டம் வைத்து, புதுப் பலகை அறைந்தார். மாலைக்குள் முடிந்தது.

ஆட்கள் கலைந்த பிறகு மேரி வாசல் மேசைக்குப் போனாள். ஐந்து நாளாகத் தள்ளிப்போட்ட வேலை. பெஞ்சை இழுத்துப் போட்டு, சுனிலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சுனில், உன் தோளுக்கு நான் பார்த்த வைத்தியம் தப்பு."

அவன் மட்டையைக் கீழே வைக்கவில்லை. "நக்கோ, விடுங்க மேரிக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க? தரை அப்டி."

"தரைய விடு. வலி எங்கன்னு கேட்டேன், அங்கயே பார்த்தேன். நாலு தடவ சரி பண்ணி அனுப்பினேன், நாலு தடவையும் நீ திரும்பி வந்த. ஏன் திரும்பி வர்றான்னு ஒரு நாள் இங்க வந்து பார்த்திருக்கலாம். என் வீட்டுலேர்ந்து பத்து நிமிஷ நடை. வரல."

சுனில் நரம்பை விரலால் சுண்டிப் பார்த்தான். அது கணீரென்று சத்தம் போட்டது. இன்னொரு முறை சுண்டினான்.

"நானும்தானே மேரிக்கா. நானும் சுத்திட்டுதானே போனேன், தினம். எனக்கே தெரியல." அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னான்: "அந்தப் புள்ளைக்கு ஆவக் கூடாது. அதப் பாருங்க."

அவன் மன்னித்தானா என்று மேரி யோசிக்கவில்லை. அது அவன் வேலை. தன் வேலை எது என்று அவன் சொல்லிவிட்டான்.

பலகை மாறிவிட்டது, கால் மாறவில்லை. இதுதான் அடுத்த பன்னிரண்டு வாரத்தின் கதை. மறுநாள் சுமலதா புதுப் பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றாள். எதிர் முனைக்கு, ஒரு நாளும் அமுங்காத தரைக்குப் போனாலும் ஒரு சாண் முன்னால்தான் நின்றாள். தரையில் இருந்த பள்ளம் அவள் உடம்புக்குள் போய்விட்டது, எந்த ஊர் ஆட்டக்களத்துக்குப் போனாலும் கூடவே வரும்.

மேரி ஸ்மாஷை அடியோடு நிறுத்தினாள். முதல் மூன்று வாரம் மட்டை கிடையாது. தோளுக்கு லேசான பயிற்சிகள், மீதி நேரமெல்லாம் கால். பின் மூலைக்குப் போ, பக்கவாட்டில் திரும்பு, வலது காலை ஊன்று, முழங்காலை மடக்கு, தரையை உதை. உதைத்து எழும்பும்போது காற்றிலேயே கால்கள் இடம் மாறும். இடது கால் பின்னால் போய் இறங்கும், வலது கால் முன்னால் வந்துவிடும். ஒரு நாளைக்கு நூறு முறை. புதுப் பலகையில் வேதாசலம் ஒரு கால் வடிவத்தைச் சாக்பீஸால் வரைந்து வைத்தார். அழிய அழிய அவரே வந்து வரைந்தார்.

"இது பரதநாட்டியம் ஆன்ட்டி" என்று சுமலதா அலுத்துக்கொண்டாள். "ட்ரயல்ஸ்ல மட்டையைக் கொடுப்பாங்களா, சலங்கையைக் கொடுப்பாங்களா?"

"எதக் கொடுத்தாலும் வாங்கிக்க. முழங்காலை மடக்கு."

நான்காவது வாரம் இடுப்பு. மேரி அவளுடைய பனியனின் வலது பக்கத் தையலில் சிவப்பு ரிப்பன் தைத்தாள். உதைக்கும் முன் அந்த ரிப்பன் வலையைப் பார்க்கக் கூடாது. அடித்து முடியும்போது பார்த்தாக வேண்டும். முதலில் சுமலதா எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பினாள், கதவு திறப்பது போல. அது போதாது. இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், நெஞ்சு ஒரு கணம் பின்தங்க வேண்டும். அந்த இழுப்பில்தான் வயிறும் முதுகும் இறுகிப் பிறகு விட்டுக்கொடுக்கும். இடுப்பு வேகம் தணியும்போது நெஞ்சு முந்தும், நெஞ்சு தணியும்போது முழங்கை மேலே ஏறி முன்னால் வரும். ஒன்று தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுத் தான் தணிகிறது. இராமச்சந்திரன் இதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "தண்ணி வாளி கை மாத்துற மாதிரிம்மா" என்றார். "நடுவுல ஒருத்தன் நின்னுட்டா கடைசி ஆளு ஓடி ஓடித் தூக்கணும்."

"அந்தக் கடைசிக்கு முன்னாடி ஆளுதான் தோளு" என்றாள் மேரி.

கடைசி ஆள் முன்கை. இதில் மேரிக்கு அனுபவம் போதவில்லை, ஒப்புக்கொண்டாள். சுனிலைக் கூப்பிட்டாள். அவனால் கையைத் தூக்க முடியாது. ஆனால் முழங்கையை மேசையில் ஊன்றி, முன்கையை நிமிர்த்திக் காட்ட முடியும்.

"எல்லாரும் மணிக்கட்டுன்றாங்க. மணிக்கட்டு இல்ல. இங்க பாரு" என்றான். உள்ளங்கை காதைப் பார்த்திருந்தது. சுண்டுவிரல் பக்கம் முன்னால் இருந்தது. முன்கை பம்பரம் போல உள்பக்கம் சுழன்றது. உள்ளங்கை வலையைப் பார்த்தது, அதோடு நிற்காமல் வெளிப்பக்கம் போய்விட்டது. "மேல் கையும் கூடவே திரும்பும். மட்டையை அது வரைக்கும் லூஸா புடி. ஷட்டில் படுற நேரம் மட்டும் விரல இறுக்கு. முன்னாடியே இறுக்கினா முன்கை சுத்தாது. ஹவ், சரிதானே?"

"ஹவ்" என்று தலையாட்டினாள் சுமலதா. முழங்கையை ஊன்றி அவளும் செய்து பார்த்தாள். மட்டை காற்றைக் கிழித்தது.

"தோள் வலிக்குதா?" என்றாள் மேரி.

"இல்லயே."

"மேசையில வலிக்காது. பாப்போம்."

எட்டாவது வாரம் முதல் ஸ்மாஷ். பத்துதான் அனுமதி. அடி வேகமில்லை, வலியும் இல்லை. பத்தாவது வாரம் நாற்பது. ஒரு மாலை, இராமச்சந்திரன் போட்ட ஒரு ஷட்டிலுக்கு அவள் பின்னால் போனாள், பலகையில் கால் விழுந்தது, ரிப்பன் சுழன்றது, மட்டையின் சத்தம் வேறாக இருந்தது. வாசலில் முறுக்கிக்கொண்டிருந்த சுனில் நிமிர்ந்தான். சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரிந்தது.

செப்டம்பர் பதினாறு. ட்ரயல்ஸ் நகரின் இன்னொரு மூலையில், பெரிய உள்விளையாட்டு அரங்கில். காலை ஒன்பது மணிக்கு மேரியும் சுனிலும் படிகளில் உட்கார்ந்தார்கள். வேதாசலம் வரவில்லை. வந்தால் மகளின் கவனம் சிதறும் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். சுமலதா இரண்டு ஆட்டங்களில் ஒன்று வென்று, ஒன்று தோற்று, நான்காவது இடத்துக்கான ஆட்டத்துக்கு மதியம் இரண்டு மணிக்கு வந்து நின்றாள். எதிரில் விஜயவாடாப் பெண், பத்தொன்பது வயது, ஓடி ஓடிக் களைக்காதவள்.

முதல் செட் சுமலதாவுக்கு, இரண்டாவது எதிராளிக்கு. மூன்றாவதில் பதினேழு, பதினேழு. அங்கேதான் கால் களைத்தது. வலது மூலைக்கு ஷட்டில் உயர்ந்து வந்தது, சுமலதா பின்னால் போனாள், ஒரு சாண் முன்னாலேயே நின்றாள். மேரி பார்த்துவிட்டாள். ரிப்பன் திரும்பவில்லை. கையால் மட்டும் அடித்த அடி வலையில் விழுந்தது. சுமலதா தோளைத் தொட்டுக்கொண்டாள்.

"பலகை" என்றான் சுனில் அடிக்குரலில். "பலகையப் பாத்துட்டா."

மேரி தன் கைப்பையின் வாரை முறுக்கிப் பிடித்தாள். சுனிலுக்கு நான்காவது முறை நடந்தது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். களைத்த கால், விட்டுக்கொடுக்காத கை. கீழே இறங்கிப் போய் நிறுத்து என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. அந்தப் பெண்ணின் தோள் அந்தப் பெண்ணுடையது.

அடுத்த ஷட்டிலும் அதே மூலைக்கு வந்தது. விஜயவாடாப் பெண்ணும் கவனித்திருந்தாள். சுமலதா பின்னால் போனாள். ஸ்மாஷுக்குத் தோதான உயரம்தான். அவள் அடிக்கவில்லை. உயரமாகத் திருப்பி அனுப்பிவிட்டு நடுக்களத்துக்கு வந்து மூச்சு வாங்கினாள். திரும்பவும் அதே மூலை. திரும்பவும் உயரமாக அனுப்பினாள். நான்கு முறை அப்படி. அரங்கில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஐந்தாவது முறை அவள் ஒரு கணம் முன்னதாகவே போய்விட்டாள். வலது கால் ஊன்றியது, முழங்கால் மடங்கியது, குதிகால் எழுந்தது. சிவப்பு ரிப்பன் பளிச்சென்று வலைக்குத் திரும்பியது. முழங்கை ஏறியது. சத்தம் மேல் படி வரைக்கும் கேட்டது.

பதினெட்டு, பதினெட்டு. அதன் பிறகு காலுக்கு நேரம் இருந்தபோது மட்டுமே அடித்தாள், இல்லாதபோது அடிக்கவில்லை. அப்படியே இருபத்தொன்று, பத்தொன்பது. நான்காவது பெயராக எழுதிக்கொண்டார்கள்.

கீழே வந்தவளின் தோளை மேரி அங்கேயே, நடைபாதையில் நிறுத்திப் பிடித்துப் பார்த்தாள். பக்கவாட்டில் தூக்கச் சொன்னாள். கை தடையில்லாமல் மேலே போனது.

"வலி?"

"அந்த ஒரு அடிக்கு மட்டும் சுருக்குன்னுச்சு ஆன்ட்டி. அதான் அப்புறம் கால் இல்லாம அடிக்கல."

"ஐஸ் வை. பத்து நாள் மட்டையத் தொடாத." வாழ்த்து சொல்ல மறந்துவிட்டது மேரிக்கு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை முதல் ஆளாக சுனில் வந்தான். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் நுழைகிறான். கதவின் மேல் கட்டியிருந்த, கையைத் தூக்கிப் பழகும் கப்பிக் கயிற்றைப் பார்த்தான். அது பழைய கயிறுதான்.

"என்ன வேணும் சுனில்?"

"பேட்மிண்டன் நக்கோ மேரிக்கா. தலை சீவணும். பொண்டாட்டி சீவி விடுறா. பொண்ணு சிரிக்குது."

மேரி அலமாரியைத் திறந்து அவனுடைய அட்டையை எடுத்தாள். அடியில் பேனாவால் எழுதினாள்: வலி தோளில். தொடங்கிய இடம் வலது கால். நான் பார்க்கவில்லை. கீழே அன்றைய தேதியைப் போட்டாள்.

"முழுசா வராது. அறுவை பண்ணின தோளு, இறுகி வருஷமாச்சு. காதுக்கு மேல ஒரு சாண் வரலாம். வராமலும் போகலாம். ஆறு மாசம் ஆகும்."

"சரி."

பழக்கப்படி மேசை மேல் ஏறப் போனவனை அவள் தடுத்தாள்.

"மேசை அப்புறம். செருப்பக் கழட்டிட்டு அங்க நில்லு. கால்லேர்ந்து பாக்கறேன்."